ரொட்டேட் செய்தும் திரை நேராகவில்லையா? மானிட்டர் போட்டோவிலிருந்து திரையை மட்டும் சரியாக வெட்டியெடுப்பது எப்படி

ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடிந்தால் ஸ்கிரீன்ஷாட்டே எடுங்கள், அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் கணினி ஆன் ஆகும்போதே நின்றுபோய்க் காட்டும் பிழைச் செய்தி, டிவியின் செட்டிங்ஸ் பக்கம், ஏதோ ஒரு கருவியின் சிறு திரை என்று ஸ்கிரீன்ஷாட்டுக்கு வழியே இல்லாத இடங்கள் நிறைய. அங்கெல்லாம் போனை எடுத்து ஒரு படம் எடுக்கிறோம். எடுத்த படத்தில் திரை கோணலாக இருக்கும், சுற்றிலும் மானிட்டரின் சட்டம், பின்னால் சுவர், முன்னால் விசைப்பலகை. இதில் திரை மட்டும் வேண்டும், அதுவும் நேராக வேண்டும்.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: ரொட்டேட் செய்து நிமிர்த்து, அப்புறம் கிராப் செய். கேட்க நன்றாக இருக்கிறது. செய்து பார்த்தால் கீழ் விளிம்பு நேராகும்போது மேல் விளிம்பு கோணலாகும், மேல் விளிம்பைச் சரிசெய்தால் கீழ் விளிம்பு போய்விடும். கை நடுங்கியதாலோ கோணத்தைச் சரியாகப் பிடிக்காததாலோ இப்படி ஆவதில்லை. "சாய்வு" என்று ஒரே பெயரில் நாம் சொல்வது உண்மையில் இரண்டு வேறு கோளாறுகள், ரொட்டேட் அதில் ஒன்றை மட்டும்தான் தொடும்.

## இரண்டு வகைக் கோணல்

மூடிய கதவு ஒன்றுக்கு நேர் எதிரே நில்லுங்கள். அது செவ்வகமாகத் தெரிகிறது. தலையை மட்டும் தோள் பக்கம் சாய்த்தால் கதவு சாய்ந்து தெரியும், ஆனாலும் செவ்வகம்தான், நான்கு மூலையும் 90 டிகிரிதான். இப்போது தலையை நிமிர்த்திக்கொண்டு, கதவை உங்கள் பக்கமாகக் கொஞ்சம் திறங்கள். கைப்பிடி இருக்கிற விளிம்பு உங்களுக்கு அருகே வந்ததால் உயரமாகத் தெரியும், கீல் பக்கத்து விளிம்பு தள்ளி இருப்பதால் குட்டையாகத் தெரியும். மேல் விளிம்பு ஒரு திசையிலும் கீழ் விளிம்பு எதிர்த் திசையிலும் சரியும். இந்த நிலையில் தலையை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்த்தாலும் கைப்பிடி விளிம்பும் கீல் விளிம்பும் சம உயரம் ஆகவே ஆகாது.

தலையைச் சாய்த்தது சுழற்சி. போன் கையில் சற்றுத் திரும்பியிருந்தால் வருவது இது, ரொட்டேட் செய்தால் போய்விடும். கதவு திறந்தது பெர்ஸ்பெக்டிவ், அதாவது ஒரே பொருளின் அருகிலுள்ள பகுதி பெரிதாகவும் தள்ளியுள்ள பகுதி சிறிதாகவும் படத்தில் விழுவது. திரைக்கு நேர் எதிரே இல்லாமல் பக்கவாட்டிலோ மேலிருந்தோ எடுத்தால் வருவது இது. திரையில் நம் நிழலும் விளக்கின் பிரதிபலிப்பும் விழாமல் இருக்க நாமே வேண்டுமென்று கொஞ்சம் ஒதுங்கி நின்றுதான் படம் எடுப்போம், அதனால் மானிட்டர் படங்களில் பெர்ஸ்பெக்டிவ் கோணல் கிட்டத்தட்ட எப்போதுமே இருக்கும்.

ஆக, சுழற்சி செவ்வகத்தைச் செவ்வகமாகவே விட்டுவைக்கும். பெர்ஸ்பெக்டிவ் அதை வெறும் நாற்கரமாக மாற்றிவிடும்.

## ஒரு படத்தை அளந்து பார்ப்போம்

பேச்சாகவே சொல்லிக்கொண்டு போனால் பிடிபடாது, அதனால் எண்களோடு ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 1920×1080 பிக்சல் கொண்ட ஒரு மானிட்டர். அதன் இடப்பக்கமாக ஒதுங்கி நின்று, சற்று ஜூம் வைத்து எடுத்த படம், அளவு 4000×3000 பிக்சல். படத்தைப் பெரிதாக்கி, ஒளிரும் பகுதியின் நான்கு மூலைகள் எங்கே இருக்கின்றன என்று கர்சரை வைத்துப் படித்தால் இப்படி வருகிறது. முதல் எண் படத்தின் இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம், இரண்டாவது மேல் ஓரத்திலிருந்து எவ்வளவு.

மேல் இடது மூலை: 612, 488
மேல் வலது மூலை: 3390, 702
கீழ் வலது மூலை: 3352, 2210
கீழ் இடது மூலை: 640, 2296

மேல் விளிம்பு இடமிருந்து வலமாகப் போகையில் 214 பிக்சல் கீழே இறங்குகிறது, கோணமாகச் சொன்னால் சுமார் 4.4 டிகிரி. கீழ் விளிம்பு அதே திசையில் போகையில் 86 பிக்சல் மேலே ஏறுகிறது, சுமார் 1.8 டிகிரி. இரண்டுக்கும் இடையே 6.2 டிகிரி விலகல். சுழற்றும்போது படத்திலுள்ள எல்லாக் கோடுகளும் ஒரே அளவு சுழலும், இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள கோணம் மாறாது. அதனால் 1.8 டிகிரி சுழற்றிக் கீழ் விளிம்பை நேராக்கினால் மேல் விளிம்பு முழு 6.2 டிகிரியையும் தன் தலையில் வாங்கிக்கொள்ளும்.

அதற்குப் பிறகு கிராப் செய்தால் என்ன ஆகும்? இடது விளிம்பின் உயரம் 1808 பிக்சல், வலது விளிம்பு 1508. வித்தியாசம் 300. கிராப் பெட்டி எப்போதும் நேரான செவ்வகம் என்பதால் உங்களுக்கு இரண்டே வழி. பெட்டியைப் பெரிதாக வைத்தால் ஒரு மூலையில் 300 பிக்சல் உயரத்துக்கு முக்கோணமாகச் சட்டமும் சுவரும் உள்ளே வரும். சிறிதாக வைத்தால் இடப்பக்கத்தில் திரையின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்படும், அதாவது 1080 வரிகளில் சுமார் 180 வரிகள். பிழைச் செய்தியின் முதல் வரியோ மெனுவோ அங்கேதான் இருக்கும்.

## "ஒரு பக்கத்தை இழுத்துவிட்டால் போதாதா?"

அடுத்து வரும் யோசனை இது. வலப்பக்கம் குட்டையாக இருக்கிறது, அதை மேலும் கீழும் இழுத்து இடப்பக்கத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்தால் விளிம்புகள் நேராகிவிடுமே என்று தோன்றும். விளிம்புகள் நேராகும், உண்மைதான். உள்ளே இருப்பது சரியாகாது.

ஏனென்று பார்க்க அதே படத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இரண்டு கோடுகள் போடுங்கள். நிஜத் திரையில் இந்த இரண்டு கோடுகளும் சரியாகத் திரையின் மையத்தில் வெட்டிக்கொள்ளும், படத்திலும் அவை வெட்டும் இடம்தான் திரை மையத்தின் படம். நம் எடுத்துக்காட்டில் அந்த இடம் இடது ஓரத்திலிருந்து 2122ஆம் பிக்சலில் வருகிறது. ஆனால் படத்தில் இடது விளிம்புக்கும் வலது விளிம்புக்கும் நட்டநடுவே இருப்பது சுமார் 1999ஆம் பிக்சல். மையம் 120 பிக்சலுக்கு மேல் வலப்பக்கம் தள்ளியிருக்கிறது. திரையின் இடது பாதி 1496 பிக்சல் இடத்தை எடுத்துக்கொண்டது, வலது பாதிக்கு 1249தான் கிடைத்தது.

அதாவது தள்ளியிருக்கும் பகுதி உயரத்தில் மட்டும் குறுகவில்லை, அகலத்திலும் குறுகியிருக்கிறது, அதுவும் சீராக இல்லாமல் போகப்போக அதிகமாக. வெறுமனே மேலும் கீழும் இழுத்தால் இந்த அகலக் குறுக்கம் அப்படியே தங்கிவிடும், வலப்பக்கத்து எழுத்துகள் ஒல்லியாகவும் நெருக்கமாகவும் தெரியும். விளிம்பை மட்டும் பார்த்து "சரியாகிவிட்டது" என்று நினைத்துவிட்டு, ஏதோ ஒட்டவில்லையே என்று குழம்புவது இதனால்தான்.

## நிஜமான வழி: நான்கு மூலை, எட்டு எண்

இதைச் சரியாகத் திருப்பும் கணக்குக்கு ஹோமோகிராஃபி என்று பெயர். ஒரு தட்டையான பரப்பின் படத்தை, அதே பரப்பை வேறொரு இடத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி மாற்றும் விதி அது, அவ்வளவுதான். எழுதினால் இப்படி இருக்கும்:

```
x' = (a·x + b·y + c) / (g·x + h·y + 1)
y' = (d·x + e·y + f) / (g·x + h·y + 1)
```

பயப்பட ஒன்றுமில்லை, இதில் கவனிக்க வேண்டியது கீழே இருக்கும் வகுத்தல் மட்டும். சுழற்றுவது, இழுப்பது, நகர்த்துவது எல்லாம் மேலே இருக்கும் பகுதியிலேயே முடிந்துவிடும். தூரம் கூடக்கூடச் சிறுத்துப்போகும் அந்தச் சீரற்ற குறுக்கம் மட்டும் வகுத்தலால்தான் வரும், வகுத்தலால்தான் போகும். ரொட்டேட்டிலும் சாதாரண இழுப்பிலும் இந்த வகுத்தல் கிடையாது.

a முதல் h வரை தெரியாத எண்கள் எட்டு. ஒரு மூலை படத்தில் எங்கே இருக்கிறது, முடிவில் எங்கே போக வேண்டும் என்று சொன்னால் இரண்டு சமன்பாடுகள் கிடைக்கும். நான்கு மூலைகளைச் சொன்னால் எட்டு. எட்டு எண்ணுக்கு எட்டுச் சமன்பாடு, கணக்கு முடிந்தது. நீங்கள் நின்ற தூரம், கோணம், லென்ஸின் அளவு எதையும் யாரும் கேட்கமாட்டார்கள். போன் கையில் சற்றுத் திரும்பியிருந்ததால் வந்த சுழற்சியும் இந்த எட்டு எண்களுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் முன்கூட்டி ரொட்டேட் செய்யவும் தேவையில்லை.

கிராப்பும் இதிலேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மேல் இடது மூலை 0, 0 என்ற இடத்துக்கும், கீழ் வலது மூலை 1920, 1080 என்ற இடத்துக்கும் போகட்டும் என்று சொல்லி, விடைப்படத்தின் அளவையும் அதே 1920×1080 என்று வைத்தால், சட்டம், சுவர், விசைப்பலகை எல்லாம் அந்தக் கட்டத்துக்கு வெளியே விழுந்து தானாகவே காணாமல் போகும். கோணலைத் திருத்தத் தந்த நான்கு புள்ளிகளேதான் வெட்டும் எல்லையும்.

இதுவரை சொன்னதன் சாரம்: ரொட்டேட் விளிம்புகளுக்கு இடையேயான கோணத்தை மாற்றாது, இழுப்பது உள்ளிருக்கும் இடைவெளிகளைச் சரிசெய்யாது, நான்கு மூலைகளைத் தந்து ஹோமோகிராஃபி செய்தால் இரண்டும் சரியாகி, கிராப்பும் கூடவே நடந்துவிடும்.

## செய்து பார்ப்பது

ஃபோட்டோஷாப் இருந்தால் வேலை சுலபம். Perspective Crop Tool என்ற கருவியை எடுத்து, மேலே வரும் பட்டையில் அகலம் 1920 px, உயரம் 1080 px என்று எழுதி, நான்கு மூலைகளையும் திரையின் மூலைகளில் வைத்து என்டர் அழுத்தினால் போதும். வழக்கமான Crop Tool வேறு, இது வேறு, இரண்டும் ஒரே பொத்தானுக்குள் ஒளிந்திருப்பதால் பலரும் இதைக் கவனிப்பதே இல்லை.

இலவச மென்பொருளான ஜிம்ப்பில் Perspective கருவியை எடுங்கள். அதன் அமைப்புகளில் Direction என்பதை Corrective (Backward) என்றும், Clipping என்பதை Clip என்றும் மாற்றுங்கள். இந்த முதல் மாற்றம் மிக முக்கியம், மாற்றாமல் விட்டால் மூலையை இழுக்க இழுக்கப் படம் கூடவே வளையும், குத்துமதிப்பாகத்தான் நேராக்க முடியும். மாற்றிவிட்டால் படம் அசையாமல் நிற்கும், கட்டத்தின் நான்கு மூலைகளை மட்டும் திரையின் மூலைகளில் பொருத்தலாம். Transform அழுத்தியதும் திரை முழுப் படத்தையும், அதாவது 4000×3000 முழுவதையும், நிரப்பிக்கொண்டு உயரமாக நீண்டு தெரியும். ஏதோ கெட்டுப்போனது என்று பதறி Undo செய்துவிடாதீர்கள். Scale Image போய், அகலத்தையும் உயரத்தையும் இணைக்கும் சங்கிலியைக் கழற்றிவிட்டு 1920, 1080 என்று தந்தால் சரியான வடிவத்துக்கு வந்துவிடும்.

பைதான் தெரிந்தவர்களுக்கு ஓபன்சிவியில் சில வரிகள்தான்:

```python
import cv2
import numpy as np

img = cv2.imread("photo.jpg")
src = np.float32([[612, 488], [3390, 702],
                  [3352, 2210], [640, 2296]])
dst = np.float32([[0, 0], [3840, 0],
                  [3840, 2160], [0, 2160]])
M = cv2.getPerspectiveTransform(src, dst)
big = cv2.warpPerspective(img, M, (3840, 2160))
out = cv2.resize(big, (1920, 1080),
                 interpolation=cv2.INTER_AREA)
cv2.imwrite("screen.png", out)
```

மூலைகளின் வரிசை இரண்டு பட்டியலிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மேல் இடதில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் போவது நல்ல பழக்கம். ஒரு ஜோடி இடம் மாறினால் படம் முறுக்கிய துணி மாதிரி வரும், பார்த்த உடனேயே தெரிந்துவிடும்.

3840×2160 என்று பெரிதாக எடுத்துவிட்டு ஏன் பாதியாகக் குறைக்கிறேன் என்று கேட்கலாம். மானிட்டரின் பிக்சல் கட்டமும் கேமராவின் பிக்சல் கட்டமும் ஒன்றோடொன்று மோதினால் அலை அலையாக நிறக்கோடுகள் வரும், அதற்கு மோயரே என்று பெயர். நேரடியாக 1920க்குச் சுருக்கும்போது warpPerspective சராசரி எடுக்காமல் சில பிக்சல்களைத் தாண்டிப் போய்விடும், அதனால் இந்த அலைகள் இன்னும் தூக்கலாகத் தெரியலாம். பெரிதாக எடுத்து INTER_AREA மூலம் குறைத்தால் நான்கு நான்கு பிக்சல்களாகச் சராசரியாகி அலைகள் கொஞ்சம் அடங்கும். படம் எடுக்கும்போதே பதிந்துவிட்ட அலைகளை இது நீக்காது. அதற்குச் சற்றுத் தள்ளியோ நெருங்கியோ நின்று இன்னொரு படம் எடுப்பதுதான் வழி.

இன்னொன்றும் இருக்கிறது. போனை எப்படிப் பிடித்தோம் என்ற குறிப்பு படக்கோப்பிலேயே பதிவாகும், சில மென்பொருள்கள் அதைப் பார்த்துப் படத்தைத் திருப்பிக் காட்டும், சில காட்டாது. ஒரு மென்பொருளில் படித்த மூலை எண்களை வேறொன்றில் தரும்போது முற்றிலும் வேறு இடம் வெட்டுப்பட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

## மூலை எங்கே இருக்கிறது?

கணக்கைக் கணினி பார்த்துக்கொள்ளும். விடை நன்றாக வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் மூலையை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான், இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

பிளாஸ்டிக் சட்டம் முடிகிற இடத்திலேயே திரை தொடங்குவதாக நினைத்துக்கொள்கிறோம். மெல்லிய சட்டம் கொண்ட இப்போதைய மானிட்டர்களில் கண்ணாடிக்கு அடியில், சட்டத்துக்கும் ஒளிரும் பகுதிக்கும் நடுவே ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். அணைத்திருக்கும்போது அது திரையோடு திரையாகத் தெரியும், ஆன் செய்தால்தான் அங்கே படம் வருவதில்லை என்பது புரியும். நமக்கு வேண்டியது ஒளிரும் முதல் பிக்சல். படத்தை 300, 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வையுங்கள். நம் எடுத்துக்காட்டில் வலது மூலையை 10 பிக்சல் தவறாக வைத்தால் விடைப்படத்தில் அந்த மூலையில் சுமார் 7 வரிகள் கோணலாகும். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது, ஆனால் ஓரத்தில் ஆப்பு மாதிரி ஒரு கறுப்புக் கீற்று மிச்சம் இருக்கும்.

திரையில் இருண்ட காட்சி ஓடினால் மூலையே தெரியாது. எல்சிடி மானிட்டர் என்றால் கறுப்பு நிறத்திலும் பின்னொளி சற்றுக் கசியும், அதனால் படத்தின் ஒரு நகலை எடுத்துப் பிரகாசத்தை நன்றாக ஏற்றினால் ஒளிரும் பகுதியின் எல்லை சாம்பல் நிறமாக எழுந்து வரும். ஓஎல்இடி திரையில் கறுப்பு என்றால் ஒளியே கிடையாது, இந்த வழி அங்கே உதவாது. அங்கே விளிம்புகளில் எங்கெல்லாம் வெளிச்சம் இருக்கிறதோ அங்கே பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் விளிம்பில் ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு புள்ளிகள், இடது விளிம்பில் இரண்டு புள்ளிகள் கிடைத்தால் போதும். இரண்டு கோடுகளையும் நீட்டினால் அவை சந்திக்கும் இடம் மூலை. மூலையை ஏதாவது பொருள் மறைத்திருந்தாலும், மூலைகள் வளைவாக வெட்டப்பட்ட லேப்டாப் திரையாக இருந்தாலும் இதே வழிதான்.

டிவியில் சினிமா ஓடும்போது மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் இருக்குமே, அவையும் திரையின் பகுதிதான். முதலில் அவற்றையும் சேர்த்துத் திரையின் நிஜ மூலைகளை வைத்து நேராக்கிவிடுங்கள், பட்டை வேண்டாம் என்றால் அப்புறம் சாதாரண கிராப் போதும். பட்டைகளை விட்டுவிட்டுக் காட்சியின் மூலைகளை வைத்துக்கொண்டு அளவை மட்டும் 16:9 என்று தந்தால் எல்லாரும் ஒல்லியாக, நெட்டையாக வந்து நிற்பார்கள்.

## வடிவ விகிதத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்

நான்கு புள்ளிகளைத் தந்தால் மென்பொருள் அதை எந்தச் செவ்வகமாகவும் மாற்றித் தரும். திரை நிஜத்தில் 16:9 வடிவமா 4:3 வடிவமா என்று அதற்குத் தெரியாது. சில செயலிகள் படத்தில் தெரியும் பக்க நீளங்களின் சராசரியை எடுத்துக்கொள்ளும். நம் எடுத்துக்காட்டில் அப்படிச் செய்தால் அகலம் 2745, உயரம் 1658, விகிதம் 1.66. நிஜ விகிதம் 1.78. பக்கவாட்டில் நின்று எடுத்ததால் அகலம் குறுகியிருக்கிறது, அந்தக் குறுக்கம் விடையிலும் அப்படியே தங்கி, படம் சுமார் 7 சதவீதம் ஒடுங்கிப்போகும். காகிதத்தை ஸ்கேன் செய்யும் செயலிகளில் சில விடையைத் தாளின் அளவுக்குப் பொருத்தப் பார்க்கும், திரைப் படத்துக்கு அது இன்னும் மோசம்.

பெரும்பாலான டிவிகளும் மானிட்டர்களும் 16:9. லேப்டாப்களில் 1920×1200, 2560×1600 போன்ற 16:10 திரைகள் நிறைய வருகின்றன, பழைய மானிட்டர்கள் 4:3 அல்லது 5:4. தெரியாவிட்டால் அந்தத் திரையின் ரெசல்யூஷனைச் செட்டிங்ஸில் பார்த்து அதே எண்களைத் தருவது பிழையில்லாத வழி.

சரியாக வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? திரைக்குள் இருக்கும் வட்டமான ஐகான் ஏதாவது ஒன்றை எடுத்து அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள், ஒரே எண் வர வேண்டும். இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று என்று ஒரே மாதிரி இரண்டு எழுத்துகளைப் பிடித்து அளந்தால் இரண்டும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். இடப்பக்கத்தில் சரியாக இருந்து வலப்பக்கத்தில் ஒல்லியாக இருந்தால் எங்கோ மூலை தவறிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே அளவு ஒல்லியாக இருந்தால் மூலைகள் சரி, விகிதம்தான் தவறு.

கூர்மையைப் பொறுத்தவரை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் படத்தில் வலது பாதியின் 960 திரைப் பிக்சல்களுக்குப் போட்டோவில் 1249 பிக்சல்கள்தான் இருக்கின்றன, இடது பாதிக்கு 1496. நேராக்கிய பிறகு வடிவம் சமமாகிவிடும், ஆனால் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடச் சற்று மங்கலாகவே இருக்கும். பதிவாகாத விவரத்தை எந்தக் கணக்கும் கொண்டுவராது. எழுத்துகளைப் படிப்பதுதான் நோக்கம் என்றால் எடுக்கும்போதே கோணத்தைக் குறைத்து, திரை படச் சட்டகத்தை நன்றாக நிரப்பும்படி எடுங்கள்.

## விளிம்பே வளைந்திருந்தால்

ஹோமோகிராஃபி நேர்கோட்டை நேர்கோடாகவே வைத்திருக்கும். வளைந்த கோட்டை அது நிமிர்த்தாது. அதனால் மூலைகளை வைப்பதற்கு முன்பு ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு நேர்கோடு ஒன்று போட்டு, விளிம்பின் நடுப்பகுதி அந்தக் கோட்டோடு ஒட்டுகிறதா என்று பாருங்கள். நடுவில் விளிம்பு வெளியே புடைத்துக்கொண்டு நின்றால் லென்ஸ் கோணல், அதாவது லென்ஸ் தானே நேர்கோடுகளை வளைத்துப் பதிவது. போனின் அல்ட்ரா வைட் கேமராவில், திரை படத்தின் ஓரம்வரை போயிருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். ஜிம்ப்பில் Lens Distortion என்ற வடிகட்டி இருக்கிறது, விளிம்பு கோட்டோடு ஒட்டும்வரை அதை நகர்த்திவிட்டு அப்புறம் மூலைகளுக்குப் போகலாம். இதை வெட்டாத முழுப் படத்தில்தான் செய்ய வேண்டும். லென்ஸின் வளைவு படத்தின் மையத்தைச் சுற்றி அமைந்திருக்கும், முதலிலேயே கிராப் செய்துவிட்டால் அந்த மையம் எங்கே இருந்தது என்பதே மென்பொருளுக்குத் தெரியாமல் போகும்.

லென்ஸ் சரியாக இருந்தும் விளிம்பு வளைந்தால் திரையே வளைந்தது என்று அர்த்தம். பழைய குழாய் டிவிகளும் இப்போதைய வளைந்த மானிட்டர்களும் தட்டையான பரப்பு இல்லை, அதனால் நான்கு புள்ளிக் கணக்கு அவற்றுக்கு முழுமையாகப் பொருந்தாது. எவ்வளவு பொருந்தாது என்று பார்ப்போம். 1800R என்று எழுதியிருக்கும் 27 அங்குல மானிட்டரின் வளைவு ஆரம் 1800 மில்லிமீட்டர், அகலம் சுமார் 60 சென்டிமீட்டர். அதன் இரண்டு ஓரங்களும் மையத்தைவிட 25 மில்லிமீட்டர் முன்னால் வந்திருக்கும். 1 மீட்டர் தூரத்தில் நேர் எதிரே நின்று எடுத்து, மூலைகளைச் சரியாக வைத்து 1080 வரிகளாக நேராக்கினாலும், மேல் விளிம்பின் நடுவில் சுமார் 13 வரிகளுக்குச் சட்டம் எட்டிப்பார்க்கும், கீழேயும் அதே அளவு.

பல நேரங்களில் மேலும் கீழும் அந்த 13 வரிகளை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது. அங்கே டாஸ்க்பாரோ மெனுவோ இருந்து அது வேண்டும் என்றால் திரையை இடது பாதி, வலது பாதி என்று பிரித்து, மேல் விளிம்பின் நடுப்புள்ளியையும் கீழ் விளிம்பின் நடுப்புள்ளியையும் கூடுதல் மூலைகளாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாக 960×1080 அளவுக்கு நேராக்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் பிழை நான்கில் ஒரு பங்காகி, ஒவ்வொரு பாதியின் நடுவிலும் 3 வரிகள் அளவுக்குத்தான் மிஞ்சும்.